டோர்னமென்டில் பார்வையாளர் தலையில் பந்து பட்டால் கமிட்டி அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

"எங்க ஊர் ஸ்டிச் பால் டோர்னமென்ட்ல போன ஞாயிறு அரையிறுதி. சிக்ஸர் போன பந்து, பாக்க வந்த ஒருத்தர் காதுக்கு மேல பட்டிருச்சு. ஒண்ணுமில்லன்னு உக்காந்து மேட்ச் பாத்தார், கொஞ்ச நேரத்துல வாந்தி. இப்ப ஜி.எச்.ல இருக்கார், நல்லா பேசுறார். கிரவுண்ட் ஸ்கூலோடது, ஹெட்மாஸ்டர் எழுத்துல ரிப்போர்ட் கேக்குறார். கமிட்டி செயலாளர் நான். யார் மேல தப்புன்னு எழுதணுமா? 'பந்து பட்டால் கமிட்டி பொறுப்பல்ல'ன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கோமே, அது போதாதா?"

தப்பு யார் மேல் என்று எழுதாதீர்கள். உங்கள் மேல் இல்லை என்றும் எழுதாதீர்கள். நோட்டீஸில் போட்ட அந்த வரி கொஞ்சம் உதவலாம், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அறிக்கை எழுதுவதுதான் இப்போதைக்கு அவசரம்.

ஹெட்மாஸ்டர் உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. தன் மைதானத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு மேலதிகாரிக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். அதே காகிதத்தை நாளை போலீஸும் கேட்கலாம், அடிபட்டவரின் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கலாம், வழக்கு என்று வந்தால் இரண்டு பக்க வக்கீல்களும் கேட்கலாம். இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அறிக்கை, பார்த்ததை மட்டும் நேரத்தோடும் தூரத்தோடும் சொல்லும் அறிக்கை. "எதிர்பாராத விதமாக", "துரதிர்ஷ்டவசமாக", "அவர் கவனக்குறைவாக செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததால்" போன்ற சொற்கள் கமிட்டி அறிக்கைகளில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்றுகூட நீங்கள் கண்ணால் பார்த்தது அல்ல. செல்போன் பார்த்ததை ஒருவர் நேரில் கண்டிருந்தால், "கண்டதாக இன்னார் சொன்னார்" என்று அவர் பெயரில் போடுங்கள். கமிட்டியின் வாயால் சொல்லாதீர்கள்.

முதலில் தேதி. சம்பவம் ஞாயிறு நடந்தது, நீங்கள் எழுதுவது இன்று. மேலே இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். அன்றே எழுதியதுபோல் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டுக் கொடுக்கும் பழக்கம் நிறைய கமிட்டிகளில் உண்டு. அதில் ஒரு விவரம் பிறகு தெரியவந்ததாக இருந்தாலே முழு அறிக்கையின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும். உதாரணமாக, "ஜி.எச்.சில் ஸ்கேன் எடுத்தார்கள்" என்ற வரி ஞாயிறு மாலை எழுதிய காகிதத்தில் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

அடுத்தது நேரம். யாருக்கும் சரியான நேரம் நினைவில் இருக்காது. "நாலு நாலரை இருக்கும்" என்பார்கள். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு வசதி உண்டு: எந்தப் பந்து என்பது ஸ்கோர் புத்தகத்திலேயே இருக்கிறது. முதலில் ஸ்கோரரைக் கூப்பிட்டு அந்த சிக்ஸர் எத்தனையாவது ஓவரில் எத்தனையாவது பந்து என்று பாருங்கள். இன்னிங்ஸ் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் புத்தகத்தில் குறித்திருந்தால் நடுவில் உள்ள ஒரு பந்தின் நேரத்தை ஓரளவு கணக்கிடலாம். அதை "ஏறக்குறைய" என்று சொல்லியே எழுதுங்கள். யூடியூபில் லைவ் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த வீடியோவை யாரும் அழித்துவிடாமல் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலில் எடுத்தவர் இருந்தால் அவருடைய போனில் உள்ள மூலக் கோப்பையே பாதுகாக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிப்போய், எடுத்த நேரம் போன்ற விவரங்களை இழந்திருக்கும். கடைசியாக, 108-ஐ அழைத்தவரின் போனில் அழைப்புப் பட்டியல் இருக்கிறது. நிமிடம்வரை சரியாகக் கிடைக்கும் ஒரே நேரம் பெரும்பாலும் அதுதான். அதை ஆணியாக வைத்து, முன்னும் பின்னும் நடந்ததை வரிசைப்படுத்துங்கள்.

பிறகு இடம். முப்பது மீட்டர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிட்ச் அடையாளம் அழிவதற்குள் மைதானத்துக்குப் போங்கள். பேட்டர் நின்ற பக்கத்து ஸ்டம்பிலிருந்து அந்தத் திசையில் கயிறு எவ்வளவு தூரம், கயிற்றிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் எவ்வளவு தூரம் என்று இரண்டு அளவு போதும். ஆண்கள் சர்வதேச ஆட்டங்களில் எல்லை 59 மீட்டருக்குக் குறையக் கூடாது, கயிற்றுக்கும் அதற்கு வெளியே உள்ள வேலிக்கும் இடையே குறைந்தது 2.74 மீட்டர், அதாவது மூன்று கெஜம், இருக்க வேண்டும். உள்ளூர் போட்டியை இந்த விதி கட்டுப்படுத்தாது. பள்ளி மைதானங்களில் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர் இடித்துக்கொண்டு எல்லை ஐம்பது மீட்டருக்குள் வருவது சகஜம். ஆனால் உங்கள் தூரம் 48 மீட்டர் என்றால் 48 என்றே எழுதுங்கள். டேப் வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய எண்ணில் போய் "சுமார் 60" என்று எழுதுவதைப்போல் வீண் வம்பு வேறில்லை.

அளக்கும்போதே வடக்கு எது என்று பார்த்துக் கையால் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பேட்டரின் கண்ணில் வெயில் படக் கூடாது என்பதற்காகப் பிட்சை வடக்கு தெற்காகப் போடுவார்கள். அதனால் சாயங்கால ஆட்டத்தில் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கூட்டம் முழுவதும் மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்த பந்து அவர்களுக்கு வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிடும். ஷாமியானா பந்தல் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: உயரப் போன பந்தைப் பந்தலின் முன்விளிம்பு மறைத்துவிடும். கீழே வரும்போதுதான் மறுபடி கண்ணில் படும். அப்போது அரை விநாடிகூட மிச்சமிருக்காது. ஆக, அவர் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரா, பந்தலுக்குள் இருந்தாரா, அவர் முன்னால் யாராவது நின்றுகொண்டிருந்தார்களா, மைக்கில் எச்சரித்தார்களா, பந்து நேராக வந்து பட்டதா, தரையில் குத்தி வந்ததா, பிடிக்கப் போன இன்னொருவர் கையில் பட்டுத் திரும்பியதா என்பவை எல்லாம் அறிக்கையில் இடம்பெற வேண்டியவை. இவற்றில் தெரியாதது எது என்பதையும் "தெரியவில்லை" என்றே எழுதிவிடுங்கள்.

பந்தையும் எடுத்து வையுங்கள். நீங்கள் ஸ்டிச் பால் என்கிறீர்கள். விதிப்படி தோல் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. ஒரே வேகத்தில் வந்தாலும் தோல் பந்து கொண்டுவரும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேல், அதோடு அது நசுங்கிக் கொடுக்காது. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி "என்ன பந்து?" என்பதாகத்தான் இருக்கும். பந்தின் தயாரிப்பு, புதியதா பழையதா, எத்தனை ஓவர் ஆடியது என்று ஒரு வரியில் எழுதி, பந்தை ஒரு கவரில் போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். இறுதி ஆட்டத்துக்கு அதே பந்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

காயத்தைப் பற்றி எழுதுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "லேசான காயம் ஏற்பட்டது, முதலுதவி அளிக்கப்பட்டது" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அந்த எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே இரத்தம் சேரலாம். அப்படிச் சேரும்போது ஆள் ஆரம்பத்தில் தெளிவாக இருப்பார், பேசுவார், மேட்ச்கூடப் பார்ப்பார். சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்துத்தான் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தள்ளும். உங்கள் ஊர்க்காரருக்கு அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வெறும் அதிர்ச்சியிலும் வாந்தி வரும். எது என்று சி.டி. ஸ்கேனும் மருத்துவரும்தான் சொல்ல முடியும். நான் சொல்ல வருவது, நன்றாக இருந்த அந்த இடைவெளி மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல் என்பது. பந்து பட்டது எப்போது, நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம் சாதாரணமாகப் பேசினார், முதல் வாந்தி எப்போது, எத்தனை முறை என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வார்டு டாக்டரிடம் கொடுங்கள். ஹெட்மாஸ்டருக்குக் கொடுப்பதற்கு முன்பே கொடுங்கள். பேசுகிறார் என்பதற்காக டிஸ்சார்ஜ் கேட்டு அழைத்துவரவும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் இரண்டு நாள் அவரைத் தனியே விடக் கூடாது. மறுபடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கு அல்லது காதிலிருந்து தண்ணீர்போல் வடிதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

அறிக்கையில் அடிபட்ட இடத்தை உடல் குறிப்போடும், கண்ணில் தெரிந்ததை மட்டும் சொல்லியும் எழுதுங்கள்: "இடது காதுக்கு மேல் வீக்கம் தெரிந்தது, தோல் கிழியவில்லை, இரத்தம் வரவில்லை." உள்காயம், எலும்பு முறிவு என்ற சொற்கள் மருத்துவமனைக் காகிதத்தில் இருந்தால் மட்டும், அந்தக் காகிதத்தைச் சொல்லிக் குறிப்பிடலாம். செய்த உதவியையும் அப்படியே. ஐஸ் வைத்தது, தண்ணீர் கொடுத்தது, யாரோ வலி மாத்திரை கொடுத்தது எல்லாமே வர வேண்டும், முக்கியமாக மாத்திரையின் பெயர். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். கசக்கும்தான். ஆனால் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் அதைச் சொல்லத்தான் போகிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நடுப்பகுதி இப்படி வரும். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்: "இரண்டாவது அரையிறுதி, இரண்டாவது இன்னிங்ஸ், 14வது ஓவரின் மூன்றாவது பந்து. நேரம் ஏறக்குறைய மாலை 4.18, நேரலை வீடியோவின்படி. வலதுகை பேட்டர் அடித்த பந்து தரையில் படாமல் மிட்விக்கெட் எல்லையைக் கடந்து, கயிற்றுக்கு வெளியே 3 மீட்டர் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பார்வையாளரின் இடது காதுக்கு மேல் பட்டது. பேட்டர் பக்கத்து ஸ்டம்பிலிருந்து கயிறு 51 மீட்டர், செவ்வாய்க்கிழமை காலை டேப் வைத்து அளந்தது. அவர் மேற்கு நோக்கி உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கத்தில் வலையோ தடுப்போ இல்லை. மைக்கில் எச்சரித்ததாக வர்ணனையாளர் சொல்கிறார், அருகிலிருந்த இருவர் தங்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். அவர் நினைவு தப்பவில்லை. 4.19 முதல் 4.31 வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், வீக்கத்தில் ஐஸ் வைக்கப்பட்டது. 4.31 அளவில் வாந்தி. 4.33-க்கு 108 அழைக்கப்பட்டது, அழைத்தவரின் போன் பதிவின்படி. 4.52-க்கு வண்டி புறப்பட்டது, கமிட்டி உறுப்பினர் ஒருவர் உடன் சென்றார். ஆட்டம் 4.35-க்கு நிறுத்தப்பட்டு 4.55-க்குத் தொடர்ந்தது." இதில் மைக் பற்றிய வரியைக் கவனியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று முடிவுகட்ட வேண்டியது உங்கள் வேலை இல்லை. இரண்டையும் எழுதினால் போதும். சாட்சி சொல்பவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனித் தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

மருத்துவமனையில் என்ன சொல்லிச் சேர்த்தார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள். இந்த மாதிரிக் காயத்தோடு வருபவரை அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, போலீஸுக்கும் தகவல் கொடுப்பார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அந்தப் பதிவின் நகலைத்தான். போலீஸ் வந்தால் டோர்னமென்ட் நின்றுவிடும் என்று பயந்து, கூடப் போனவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவது நடக்கிற விஷயம். அப்படிச் சொல்லியிருந்தால் இப்போதே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லித் திருத்தக் கேளுங்கள். ஏ.ஆர். காப்பியில் ஒன்றும் கமிட்டி அறிக்கையில் வேறொன்றும் இருந்தால் அவருக்கு வர வேண்டிய இன்சூரன்ஸ் பணம் சிக்கும், பொய் சொன்னவர் என்ற பெயர் உங்களுக்கு வரும்.

இனி பொறுப்பு. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஆட்டத்துக்குள் விதிப்படி சிக்ஸர் அடித்த பேட்டர் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. சட்டத்துக்கு உட்பட்ட செயலை உரிய கவனத்தோடு செய்யும்போது, கெட்ட எண்ணமில்லாமல் நேரும் விபத்து குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 18வது பிரிவு சொல்கிறது. அந்தப் பையனின் பெயரைக்கூட அறிக்கையில் போடத் தேவையில்லை, ஸ்கோர் புத்தகத்தில் இருப்பது போதும். நடத்துபவர்கள் விஷயம் வேறு. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்தாகும்படி அசட்டையாக நடந்து காயம் ஏற்பட்டால் 125வது பிரிவு இருக்கிறது. இழப்பீடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். உங்கள் விஷயத்தில் அசட்டை இருந்ததா என்பது மேலே சொன்ன தூரம், தடுப்பு, எச்சரிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. அதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஆனால் கேள்வி எப்படிப் போகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு வழிகாட்டும். 1947 ஆகஸ்டில் மான்செஸ்டரின் சீத்தம் ஹில் மைதானத்துக்கு வெளியே, தெருவில் நின்ற ஸ்டோன் என்ற பெண் மேல் சிக்ஸர் பந்து பட்டது. அவர் நின்ற இடம் பேட்டரிலிருந்து கிட்டத்தட்ட 90 மீட்டர். ஏழடி வேலி இருந்தது, நிலம் மேடாக இருந்ததால் அதன் உச்சி பிட்சிலிருந்து பதினேழு அடி உயரம். சுமார் முப்பது வருடத்தில் ஆறு முறைதான் பந்து வெளியே போயிருக்கிறது. இங்கிலாந்தின் மேல் முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1951-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றி, இவ்வளவு அரிதான ஆபத்துக்குக் கிளப் பொறுப்பல்ல என்றது. கூடவே நீதிபதி ரீட் சொன்னதன் சாரம், கணிசமான ஆபத்து இல்லாமல் ஒரு மைதானத்தில் ஆட முடியாதென்றால் அங்கே ஆடவே கூடாது என்பது. ஸ்டோன் தெருவில் நின்ற பெண், உங்களவர் ஆட்டம் பார்க்க வந்தவர், பந்து வரும் என்று தெரிந்தே உட்கார்ந்தவர் என்பது உங்களுக்குச் சாதகமான வேறுபாடு. பாதகமானது, முப்பது வருடத்தில் ஆறு என்ற கணக்கு உங்கள் மைதானத்துக்குப் பொருந்தாது. 51 மீட்டர் எல்லையில் ஒரே நாளில் ஆறு பந்து அந்தப் பக்கம் போயிருக்கும். ஸ்கோர் புத்தகத்தை வைத்து இந்த டோர்னமென்டில் அந்தத் திசையில் எத்தனை சிக்ஸர் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எண்ணப்போவது அதைத்தான்.

நோட்டீஸ் வரியின் நிலையும் இதிலிருந்தே தெரியும். பந்து வரலாம் என்று முன்கூட்டியே சொன்னோம் என்பதற்கு அது ஒரு சான்று. அவர் அந்த நோட்டீஸைப் பார்த்தாரா, படித்து ஒப்புக்கொண்டாரா என்பது தனிக் கேள்வி. கூட்டத்தை நீங்களே ஆபத்தான பக்கத்தில் உட்காரவைத்திருந்தாலோ, டிக்கெட் போட்டு உள்ளே விட்டிருந்தாலோ அந்த வரிக்குப் பலம் குறைவு. அறிக்கையில் அதை வாதமாக வைக்காமல், "இந்த வாசகம் உள்ள நோட்டீஸ் நுழைவாயிலில் ஒட்டப்பட்டிருந்தது" என்று சொல்லி ஒரு பிரதியை இணைத்துவிடுங்கள். அதேபோல், வார்டில் படுத்திருப்பவரிடம் "புகார் இல்லை" என்று கையெழுத்து வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தலையில் அடிபட்டவர் அந்த நிலையில் போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது, மிரட்டி வாங்கினார்கள் என்ற பேச்சைத்தான் கொண்டுவரும். மருத்துவச் செலவுக்குக் கமிட்டி பணம் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ரசீது தனியாக இருக்கட்டும், அறிக்கையோடு கலக்க வேண்டாம்.

இறுதி ஆட்டம் மிச்சமிருந்தால், சம்பவத்துக்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கடைசிப் பத்தியில் எழுதலாம்: அந்தப் பக்கக் கூட்டத்தை ஸ்ட்ரெய்ட் எல்லைக்குப் பின்னால் மாற்றியது, பந்தலை நகர்த்தியது, கயிற்றை உள்ளே இழுக்காமல் கூட்டத்தை இன்னும் வெளியே தள்ளியது. கயிற்றை உள்ளே இழுத்தால் இடைவெளி கூடும்தான், ஆனால் எல்லை குறுகிச் சிக்ஸரும் கூடும். மூன்று நகல் எடுத்து, செயலாளரும் அன்றைய அம்பயர் ஒருவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஹெட்மாஸ்டரிடம் கொடுத்ததற்கு உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடிபட்டவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு புது விவரம் தெரிந்தால் பழைய தாளில் கை வைக்காமல், "கூடுதல் அறிக்கை" என்று அன்றைய தேதியில் இன்னொரு தாள் எழுதி அதோடு சேருங்கள்.